திருப்பூரில் 48,000 ரூபாய், டாக்காவில் 1.5 லட்சம்: சம்பளம் உண்மையில் எவ்வளவு கூடும்?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர், குவாலிட்டி, ஐ.இ., டையிங் மாஸ்டர் வேலையில் நாலைந்து வருஷம் அனுபவம் உள்ளவர்களுக்கு எப்போதாவது ஒரு போன் வரும். “பங்களாதேஷ்ல ஆள் கேக்குறாங்க, போறியா?” 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்திய ஆடைகள் மீதான அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அப்போது பங்களாதேஷுக்கு விதிக்கப்பட்டது 20 சதவீதம்தான். ஆர்டர் கைமாறும்போது ஆட்களுக்கான தேவையும் கூடவே நகரும் என்பதால், அந்தக் கேள்வியை நிறைய பேர் யோசிக்கத் தொடங்கினார்கள்.

போன் வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கூகுளில் ரேட் பார்த்து, சொன்ன சம்பளத்தை ரூபாயாகப் பெருக்குவது. வரும் தொகை இப்போதைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு என்றால் மனசு பாதி கிளம்பிவிடும். ஆனால் அந்தப் பெருக்கல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. மீதிப் பாதி வாடகை, சாப்பாடு, போக்குவரத்து, வரி, நாணய மதிப்பு ஆகியவற்றில் இருக்கிறது. அதை ஒரு முழுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

(ஒரு சின்னக் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். நகரத்தின் பெயர் டாக்கா. நாணயத்தின் பெயர் டாகா.)

யாருடைய கணக்கு இது?

ஒரு கற்பனை நபரை எடுத்துக்கொள்வோம். வயது 29. அவினாசி ரோட்டில் உள்ள ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சீனியர் மெர்ச்சண்டைசர். கல்யாணமாகி, பள்ளிக்குப் போகும் ஒரு குழந்தை இருக்கிறது. கையில் வரும் சம்பளம் மாதம் 48,000 ரூபாய்.

அவருடைய மாதச் செலவு இப்படி:

- வீட்டு வாடகை: 9,000
- மளிகை, காய்கறி, பால், கேஸ், வெளிச்சாப்பாடு: 11,000
- குழந்தையின் பள்ளிச் செலவு: 5,000
- பைக் பெட்ரோல்: 3,000
- கரண்ட், போன், மருந்து, மற்றவை: 5,000

மொத்தம் 33,000. கையில் மிச்சம் 15,000. ஆனால் உண்மையான சேமிப்பு அதைவிடக் கொஞ்சம் கூட. பி.எஃப். சட்டப்படியான 15,000 ரூபாய் உச்சவரம்பில் பிடிக்கப்படுவதாக வைத்தால், அவர் பங்கு 1,800, கம்பெனி பங்கு 1,800. இந்த 3,600 கைக்கு வராது, ஆனால் அவர் பணம்தான். ஆக, திருப்பூரில் அவருடைய மாதச் சேமிப்பு 18,600 ரூபாய். எந்த வெளிநாட்டு ஆஃபரையும் இந்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். 48,000-உடன் அல்ல.

டாக்காவில் இருந்து வந்த ஆஃபர் மாதம் 1,50,000 டாகா. மதியச் சாப்பாடு கம்பெனியில், தங்குமிடம் சொந்தப் பொறுப்பு. கணக்குக்காக ஒரு டாலர் 88 ரூபாய், ஒரு டாலர் 122 டாகா என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு டாகா சுமார் 72 காசு. 1,50,000 டாகா என்பது 1,08,000 ரூபாய். மாதம் 60,000 ரூபாய் கூடுதல் போலத் தெரிகிறது.

இந்த 60,000-தான் இனி ஒவ்வொரு படியிலும் கரையப்போகிறது.

சம்பளத்தை முதலில் இரண்டாக வெட்டுங்கள்

வெளிநாட்டுச் சம்பளத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, அங்கேயே செலவாகும் பணம். இன்னொன்று, ஊருக்கு அனுப்பும் பணம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது.

ஊருக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கியின் மாற்று விகிதம்தான் கணக்கு. அங்கே அரிசி என்ன விலை என்பது அந்தப் பணத்துக்குச் சம்பந்தமில்லை. அங்கேயே செலவாகும் பணத்துக்கு நேர் எதிர். ஒரு டாகா எத்தனை காசு என்பது முக்கியமில்லை, அந்த டாகாவுக்கு அங்கே எவ்வளவு பொருள் கிடைக்கிறது என்பதுதான் முக்கியம்.

இந்த இரண்டாவது விஷயத்துக்குப் பொருளாதாரத்தில் ‘வாங்கும் திறன் சமநிலை’ என்று பெயர். சுருக்கமாக பிபிபி. இந்திய அரசு வெளியிட்ட 2017-ஆம் ஆண்டு ஒப்பீட்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த வருஷம் சந்தையில் ஒரு டாலர் 65.12 ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளையும் சேவையையும் இந்தியாவில் வாங்க 20.65 ரூபாய் போதும். அதாவது, மாற்று விகிதம் காட்டுவதைவிட இங்கே ரூபாய்க்கு மூன்று மடங்கு பலம். அமெரிக்கச் சம்பளத்தை 88-ஆல் பெருக்கிப் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதே முறையில் எந்த இரு நாடுகளையும் ஒப்பிடலாம். உலக வங்கியின் தரவுத்தளத்தில் `PA.NUS.PRVT.PP` என்ற குறியீட்டைத் தேடினால், குடும்பங்களின் நுகர்வுக்கான பிபிபி எண் நாடு வாரியாகக் கிடைக்கும். மொத்தப் பொருளாதாரத்துக்கான பிபிபி-யில் பாலம், மெஷின் விலை எல்லாம் சேர்ந்திருக்கும் என்பதால், நமக்கு இதுதான் பொருத்தம்.

ஆனால் இந்த எண்ணோடு நிறுத்திவிட்டால் ஏமாற்றம்தான். அது ஒரு நாட்டின் சராசரி. பங்களாதேஷும் டாலர் கணக்கில் விலை மலிவான நாடுதான். ஆனால் டாக்காவில் வேலை பார்க்கப் போகும் வெளிநாட்டுக்காரர் அங்குள்ள சராசரிக் குடும்பம் போல வாழ மாட்டார். பாதுகாப்பான ஏரியாவில் வீடு பார்ப்பார், குழந்தையை ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ப்பார், உளுந்தும் துவரம் பருப்பும் தேடுவார். அவருடைய பிபிபி-யை அவரேதான் கணக்கிட வேண்டும். அதற்கு மூன்று பெரிய தலைப்புகள்: வாடகை, சாப்பாடு, போக்குவரத்து.

வாடகை: விளம்பரத்தில் இருக்கும் எண் முழு எண் அல்ல

திருப்பூர் ஆட்கள் அதிகம் போகும் ஆடைத் தொழிற்சாலைகள் காஜிப்பூர், ஆஷுலியா, சாவர், நாராயண்கஞ்ச் பக்கம் இருக்கின்றன. நாராயண்கஞ்ச் பின்னலாடைக்குப் பேர்போன ஊர், அந்த ஊர் திருப்பூர் என்றே சொல்லலாம். காஜிப்பூர், ஆஷுலியா பக்கம் வேலை என்றால் டாக்காவின் வடக்கு முனையில் உள்ள உத்தரா வசதி. அங்கே வீடு தேடும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, சர்வீஸ் சார்ஜ். லிஃப்ட், ஜெனரேட்டர், காவலாளி ஆகியவற்றுக்கான இந்தத் தொகை பெரும்பாலும் வாடகைக்கு வெளியே இருக்கும். விளம்பரத்தில் உள்ள வாடகையை மட்டும் எழுதிக்கொண்டால் கணக்கு அங்கேயே தப்பும்.

இரண்டாவது, கேஸ். பழைய கட்டடங்களில் குழாய் கேஸ் இணைப்பு இருக்கும். புதிய கட்டடங்களில் பெரும்பாலும் சிலிண்டர்தான். மாதச் செலவு இரண்டுக்கும் வேறு.

மூன்றாவது, ‘பேச்சிலர்’ பிரச்சினை. குடும்பம் இல்லாமல் தனியாக இருக்கும் ஆண்களுக்கு வீடு கொடுக்க டாக்காவில் பல ஓனர்கள் தயங்குவார்கள். குடும்பத்தைத் திருப்பூரில் விட்டுவிட்டுப் போகிறவரும் அங்கே பேச்சிலர்தான். அதனால் மலிவான வீடு இருந்தும் அவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஏற்கெனவே அங்கிருக்கும் நம்மூர்க்காரர்களோடு சேர்ந்து தங்குவதுதான் பலருக்கும் வழி.

நம்மவர் தனியாகப் போய் ஃபிளாட்டில் ஒரு ரூம் பகிர்ந்துகொண்டால், சர்வீஸ் சார்ஜ் உள்பட 20,000 டாகா என்று வைப்போம். குடும்பத்தோடு போனால் 35,000 டாகா.

சாப்பாடு: நெட்டில் உள்ள இண்டெக்ஸ் உங்கள் தட்டைப் பார்க்காது

செலவை ஒப்பிட நிறைய பேர் முதலில் போவது நம்பியோ தளத்துக்கு. அதில் விலைகளைப் பதிவேற்றுவது நம்மைப் போன்ற பயனர்கள்தான். நியூயார்க்கை 100 என்று வைத்து மற்ற ஊர்களை அது அளக்கிறது. அதன் பிரதான ‘வாழ்க்கைச் செலவு இண்டெக்ஸ்’ எண்ணில் வாடகை சேராது, அதற்குத் தனி எண் உண்டு. இதைக் கவனிக்காமல் அந்த ஒரே எண்ணை வைத்து முடிவெடுத்தால், குடும்பத்தின் மிகப் பெரிய செலவையே விட்டுவிட்டோம் என்று அர்த்தம். தி எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-இல் தொடங்கிய பிக் மேக் இண்டெக்ஸும் இங்கே உதவாது. பங்களாதேஷில் மெக்டொனால்ட்ஸ் கடையே கிடையாது.

நல்ல வழி, உங்கள் வீட்டுச் சாமான் லிஸ்ட்டைக் கையில் எடுப்பது. போன மாத மளிகை பில்லில் இருந்து அதிகம் செலவான பத்துப் பொருட்களை எழுதுங்கள். அரிசி, பருப்பு, உளுந்து, எண்ணெய், பால், முட்டை, கோழி, வெங்காயம், தக்காளி, டீத்தூள். எத்தனை கிலோ என்ற அளவும் வேண்டும். பிறகு அதே அளவுகளுக்கு டாக்கா விலை. சால்டால் என்ற ஆன்லைன் மளிகைச் செயலியில் கடை விலை தெரியும். அந்த நாட்டு அரசின் வர்த்தகக் கழகமான டி.சி.பி. டாக்காவின் சில்லறை விலைகளை வெளியிடுகிறது.

போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். அந்த ஊர்க்காரர்கள் தினமும் சாப்பிடுவது ஓரளவு சகாயமாகக் கிடைக்கும். அரிசி, மைசூர் பருப்பு, குளத்து மீன் அந்த ரகம். நாம் மட்டும் சாப்பிடுவது எகிறும், அல்லது தேடி அலைய வேண்டும். நாக்கை மாற்றிக்கொள்ளத் தயாரானவருக்கும், இட்லி மாவு இல்லாமல் வாரம் ஓடாதவருக்கும் ஒரே ஊரில் இரண்டு விலைவாசி.

இன்னொன்று, திருப்பூரில் நம் கணக்கில் வராமலே கிடைக்கும் சில விஷயங்கள். ரேஷன் அரிசி, இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம். இவை சம்பளச் சீட்டில் வராது, ஆனால் வாங்கும் திறனின் பகுதிதான். குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகும் நாளில் இவை எல்லாவற்றுக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

தனியாளுக்கு, மதியச் சாப்பாடு கம்பெனியில் என்பதால், 15,000 டாகா. குடும்பத்துக்கு 30,000 டாகா என்று வைப்போம்.

போக்குவரத்து: டிக்கெட் விலை அல்ல, ரூட்தான் விஷயம்

டாக்காவில் மெட்ரோ ரயில் 2022 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. உத்தராவில் இருந்து மதிஜீல் வரை போகலாம். குறைந்தபட்சக் கட்டணம் 20 டாகா, அதிகபட்சம் 100 டாகா. இதைப் பார்த்துவிட்டுப் போக்குவரத்துச் செலவு குறைவு என்று எழுதிவிடத் தோன்றும்.

ஆனால் அந்தப் பாதை நகரத்துக்குள்ளேதான் ஓடுகிறது. காஜிப்பூரோ ஆஷுலியாவோ அதில் இல்லை. வேலை பையிங் ஆபீஸிலா, ஃபேக்டரியிலா என்பதைப் பொறுத்து இந்தச் செலவு மொத்தமாக மாறும். ஃபேக்டரிக்குப் போகிறவருக்குக் கம்பெனி வண்டி இருந்தால் செலவு பூஜ்யம். இல்லையென்றால் பதாவ், உபர், சி.என்.ஜி. ஆட்டோ என்று தினமும் கை நீளும். டாக்கா டிராஃபிக் வேறு. திருப்பூரில் பல்லடம் ரோட்டில் இருந்து பி.என்.ரோட்டுக்கு பைக்கில் போகிற மாதிரி நேரத்தைக் கணக்கிட முடியாது. ‘கம்பெனி வண்டி உண்டா, எங்கிருந்து எங்கே, கடைசி டிரிப் எத்தனை மணிக்கு’ என்று கேட்டுவிடுவது நல்லது. ஷிப்மென்ட் நேரத்தில் ராத்திரி 10 மணிக்கு வேலை முடிந்தால் வண்டி இருக்குமா என்பதுதான் உண்மையான கேள்வி.

தனியாளுக்கு 6,000 டாகா, குடும்பத்துக்கு 10,000 டாகா என்று எடுத்துக்கொள்வோம்.

வரி: சேரும் மாதம் சம்பளத்தைத் தீர்மானிக்கும்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. பங்களாதேஷின் வரி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். அந்த ஆண்டில் 183 நாள் அங்கே இருந்தால் நீங்கள் ‘வசிப்பவர்’, விலக்குகள் போக ஸ்லாப் முறையில் வரி. அதற்குக் குறைந்தால் ‘வசிக்காதவர்’, வெளிநாட்டவருக்கு நேரடியாக 30 சதவீதம்.

நம்மவரின் 1,50,000 டாகா சம்பளத்துக்கு, வசிப்பவர் கணக்கில் மாதம் சுமார் 10,000 டாகா வரி என்று வைக்கலாம். வசிக்காதவர் என்றால் 45,000 டாகா. ஒரே சம்பளத்தில் 35,000 டாகா வித்தியாசம்.

இப்போது காலண்டரைப் பாருங்கள். ஜனவரி 1-ஆம் தேதி போய்ச் சேர்ந்தாலும் ஜூன் 30 வரை 181 நாள்தான், லீப் ஆண்டானால் 182. அதாவது ஜனவரியில் இருந்து ஜூன் வரை எப்போது சேர்ந்தாலும், முதல் வரி ஆண்டில் 30 சதவீதத்தில் மாட்டும் வாய்ப்பு அதிகம். இந்தியப் பக்கமும் ஒரு தேதி இருக்கிறது. வேலைக்காக வெளிநாடு போகும் இந்தியர், ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டில் இங்கே 182 நாளுக்குக் குறைவாக இருந்தால்தான் என்.ஆர்.ஐ. அதற்குச் செப்டம்பர் 28-ஆம் தேதிக்குள் விமானம் ஏறியிருக்க வேண்டும். இரண்டு நாட்டுக் கணக்கும் ஒத்துவரும் காலம் ஜூலை முதல் செப்டம்பர் வரை.

கூட்டிக் கழித்தால்

முதலில் தனியாகப் போகும் கணக்கு. அறை 20,000, சாப்பாடு 15,000, போக்குவரத்து 6,000, போன், மருந்து, இதர செலவு 8,000, வருஷத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டை மாதத்துக்குப் பிரித்தால் 5,000. மொத்தம் 54,000 டாகா. வரி 10,000. மிச்சம் 86,000 டாகா.

இது ரூபாயில் சுமார் 61,900. அனுப்பும் கட்டணமும் ரேட் வித்தியாசமும் சேர்த்து 2 சதவீதம் போனால் 60,700. இதில் இருந்து திருப்பூர் வீடு நடக்க வேண்டும். அவருடைய பெட்ரோலும் சாப்பாடும் குறைந்ததால் 33,000 என்பது 27,000 ஆகும். கடைசியில் சேமிப்பு 33,700 ரூபாய்.

திருப்பூரில் சேர்ந்துகொண்டிருந்தது 18,600. ஆக, உண்மையான கூடுதல் மாதம் 15,100 ரூபாய். முதலில் கண்ணுக்குத் தெரிந்தது 60,000.

இதே கணக்கில் 30 சதவீத வரியைப் போட்டால் சேமிப்பு 9,000-க்கு இறங்கிவிடும். ஊரிலேயே இருந்திருந்தால் இதைவிட இரண்டு மடங்கு மிஞ்சியிருக்கும்.

அடுத்தது குடும்பத்தோடு போகும் கணக்கு. வீடு 35,000, சாப்பாடு 30,000, பள்ளி 20,000, போக்குவரத்து 10,000, இதர செலவு 12,000. மொத்தம் 1,07,000 டாகா. இதே வாழ்க்கை திருப்பூரில் 33,000 ரூபாயில் நடக்கிறது. இரண்டையும் வகுத்தால் 3.24. அதாவது, திருப்பூரில் ஒரு ரூபாய் செய்யும் வேலையை அங்கே செய்ய 3.24 டாகா வேண்டும். இதுதான் இந்தக் குடும்பத்தின் சொந்த பிபிபி.

வரி போகக் கையில் வரும் 1,40,000 டாகாவை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 43,200 வரும். வங்கிக் கணக்கில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டும் சம்பளம், வாழ்க்கைத்தரத்தில் திருப்பூரின் 43,200 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சமம். இப்போது வாங்கும் 48,000-ஐவிடக் குறைவு. மூன்று பேருக்கான டிக்கெட் செலவு மாதம் 15,000 டாகாவையும் கழித்தால் மிஞ்சுவது 18,000 டாகா, ரூபாயில் 13,000-க்கும் குறைவு. மனைவி இங்கே ஒரு ஆபீஸிலோ செக்கிங்கிலோ வேலை பார்ப்பவராக இருந்தால், அந்தச் சம்பளமும் நிற்கும்.

சின்ன ஆஃபர் ஜெயிக்குமா?

இப்போது இரண்டாவது கம்பெனி ஒன்று வருகிறது. சம்பளம் மாதம் 1,000 டாலர், அதாவது 88,000 ரூபாய். முதல் ஆஃபரைவிட 20,000 குறைவு. ஆனால் கெஸ்ட் ஹவுஸ், மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி, வருஷத்துக்கு இரண்டு டிக்கெட் எல்லாம் கம்பெனி.

அங்கே அவருக்கு ஆகும் கைச்செலவு 13,000 டாகா, வரி 8,000 என்று வைத்தால் மொத்தம் 21,000 டாகா. டாலரில் 172. மிச்சம் 828 டாலர். அனுப்பும் செலவு போக ஊருக்கு வருவது சுமார் 71,400 ரூபாய். திருப்பூர் வீட்டுக்கு 27,000 போனால் சேமிப்பு 44,400. பெரிய ஆஃபரில் கிடைத்ததைவிட மாதம் 10,700 கூடுதல்.

தனியாகப் போகிறவருக்கு, வாடகையையும் சாப்பாட்டையும் கம்பெனி ஏற்றுக்கொள்வது சம்பள உயர்வைவிடப் பெரிது. ஒரு நிபந்தனை உண்டு. வேலையை விட்டால் அன்றைக்கே வீடும் போகும். பேப்பரைப் போட்ட பிறகு எத்தனை நாள் தங்கலாம் என்பதை ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குவது முக்கியம்.

டாகாவா, டாலரா?

இரண்டாவது ஆஃபர் ஜெயிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 86 டாகா, சுமார் 75 ரூபாய். அன்று ஒரு லட்சம் டாகா சம்பளம் என்றால் 87,000 ரூபாய். 2025-இல் டாலர் 122 டாகா ஆகிவிட்டது. ரூபாயும் இறங்கியதுதான், ஆனால் டாகா அதைவிட வேகமாக இறங்கியது. அதே ஒரு லட்சம் டாகா அப்போது 72,000 ரூபாய். சம்பளச் சீட்டில் ஒரு எழுத்துகூட மாறாமல் 15,000 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. டாலரில் வாங்கியவருக்கு இதே காலத்தில் ரூபாய் கணக்கில் சம்பளம் ஏறியிருக்கும்.

உள்ளூர் விலைவாசியும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூலையில் பங்களாதேஷின் பணவீக்கம் 11.66 சதவீதம், உணவுப் பொருட்களுக்கு மட்டும் 14.10 சதவீதம். அதே மாதம் இந்தியாவில் 3.54 சதவீதம். டாகா சம்பளத்தில் போகிறவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். அங்கே செலவு ஏறுகிறது, இங்கே வரும் பணம் குறைகிறது.

‘டாலரில் சம்பளம்’ என்று சொல்லிவிட்டு டாகாவில் கொடுக்கும் கம்பெனிகளிடம், எந்தத் தேதி ரேட்டில் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். சேர்ந்த நாள் ரேட்டா, ஒவ்வொரு மாதமும் சம்பள நாள் ரேட்டா? முதலாவது என்றால் அது டாகா சம்பளம்தான், பெயர் மட்டும் டாலர்.

பணம் ஊருக்கு வந்து சேருமா?

மேலே போட்ட எல்லாக் கணக்குக்கும் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது. சம்பளம் வங்கி வழியாக ஊருக்கு வரும் என்பது. அதற்கு வொர்க் பெர்மிட் வேண்டும். அந்த நாட்டில் தனியார் துறை வேலைக்கு அதைத் தருவது முதலீட்டு மேம்பாட்டு ஆணையமான பிடா. பெர்மிட் இருந்தாலும் சம்பளத்தில் எவ்வளவு வெளியே அனுப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு எவ்வளவு என்பதை வங்கியிலும் கம்பெனியிலும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் பங்களாதேஷ் கிளை 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நாட்டில் குறைந்தது 2.5 லட்சம் வெளிநாட்டவர் வேலை பார்ப்பதாக மதிப்பிட்டது. டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை செய்வது, ஆவணத்தில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைக் கையில் கொடுப்பது என்ற நடைமுறைகளையும் சுட்டிக்காட்டியது. “முதல்ல விசிட்ல வாங்க, பெர்மிட் அப்புறம் பாத்துக்கலாம்” என்று யாராவது சொன்னால் அதன் பொருள் இதுதான். ஆவணத்தில் 60,000 டாகா என்று இருந்தால், வங்கி வழியாக அனுப்ப முடிவது அந்த 60,000-க்குள்தான். மீதிப் பணம் சட்டவிரோத வழியில்தான் வர வேண்டியிருக்கும். நடுவில் பிரச்சினை வந்தால் அந்தப் பணத்துக்கு எந்த ஆதாரமும் இருக்காது.

பிரச்சினை வராது என்று சொல்லவும் முடியாது. 2024 ஜூலையில் டாக்காவில் ஊரடங்கு போடப்பட்டு இணையம் துண்டிக்கப்பட்டது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஷேக் ஹசீனா பதவி விலகி நாட்டைவிட்டு வெளியேறினார். செப்டம்பரில் தொழிலாளர் போராட்டத்தால் ஆஷுலியாவில் பல ஆடைத் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தன. அந்த மாதிரி ஒரு மாதத்தில் சம்பளம் தாமதமானாலும் வாடகை நிற்காது. திரும்பி வரும் டிக்கெட்டும், திருப்பூர் வீட்டின் மூன்று மாதச் செலவும் (நம் கணக்கில் 81,000 ரூபாய்) கையில் இருந்தால்தான் கிளம்புவது பாதுகாப்பு.

கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் கேட்க வேண்டியவை

1. சம்பளம் எந்த நாணயத்தில், எந்தத் தேதி ரேட்டில்? ஆவணத்தில் எழுதப்போவது முழுச் சம்பளமா?
2. வரியைக் கட்டுவது கம்பெனியா, நானா? முதல் வரி ஆண்டில் 30 சதவீதம் வந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பார்கள்?
3. தங்குமிடம், சாப்பாடு, வண்டி, டிக்கெட் ஆகியவற்றில் எதெல்லாம் கம்பெனி பொறுப்பு?
4. வொர்க் பெர்மிட் நான் கிளம்பும் முன்பே வருமா, வந்த பிறகா?

பதில்களை மெயிலில் வாங்குங்கள். பிறகு இந்தக் கட்டுரையில் உள்ள விலைகளை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டு எண்களையும் அன்றைய ரேட்டையும் போடுங்கள். இங்கே போட்ட வாடகை, சாப்பாடு, வரித் தொகைகள் எல்லாம் முறையைக் காட்டுவதற்கான உதாரணங்கள்தான். துபாய், ஜோர்டான், வியட்நாம் என்று ஊர் மாறினால் எண்கள் மாறும், போடும் முறை மாறாது. கடைசியில் வரும் ‘ஊரில் மிஞ்சும் சேமிப்பு’ இப்போதைய சேமிப்பைவிட எவ்வளவு கூட என்று பாருங்கள். அந்த வித்தியாசத்துக்காகக் குழந்தையை வருஷத்துக்கு இரண்டு முறை மட்டும் பார்க்கலாமா என்பதை அதற்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பேசலாம்.